வராத கேஷ்பேக்: ஒரு புகார்க் கடிதத்தின் மீது தீர்ப்பு

தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் தீபாவளி விற்பனையில் ஆன்லைனில் வாஷிங் மெஷின் வாங்கினார். தருவதாகச் சொன்ன கேஷ்பேக் வரவில்லை. ஐந்து மடங்கு என்று விளம்பரம் செய்த பாயின்ட்டும் சேரவில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்துவிட்டு அந்தக் கடைக்கு மின்னஞ்சல் எழுதினார். கடை மறுத்துவிட்டது. அவருடைய கடிதம், கடையின் பதில், ஆஃபரின் முழு நிபந்தனைகள், ரசீது, கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். கடையின் பெயரும் வங்கியின் பெயரும் இங்கே தேவையில்லை. இதே பண்டிகைக் காலத்தில் இதே மாதிரி நிபந்தனைகளைப் பல கடைகள் போடுகின்றன.

பணம் என்று பார்த்தால் மூவாயிரத்துக்கும் குறைவுதான். ஆனால் தீர்மானிக்க வேண்டியவை மூன்று. அந்தப் பணம் உண்மையிலேயே அவருக்குச் சேர வேண்டியதா? கடை சொன்ன மறுப்பு நிற்குமா? அவர் எழுதிய கடிதம் தன் வேலையைச் செய்ததா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடிதம் இது:

"வணக்கம். அக்டோபர் 14 இரவு 9.12 மணிக்கு உங்கள் ஆப்பில் வாஷிங் மெஷினும் (ரூ.31,490) அதற்கான ஸ்டாண்டும் (ரூ.1,290) ஒரே ஆர்டரில் வாங்கினேன். கூப்பன் ரூ.1,000 போக ரூ.31,780-ஐ ஆஃபரில் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் கட்டினேன். உங்கள் நிபந்தனை 1-இன்படி ரூ.30,000-க்கு மேல் வாங்கினால் 10 சதவீதம், அதிகபட்சம் ரூ.2,500 கேஷ்பேக் தர வேண்டும். நிபந்தனை 4-இன்படி ஆஃபர் முடிந்த 90 நாட்களுக்குள், அதாவது ஜனவரி 18-க்குள், அது வரவாகியிருக்க வேண்டும். இன்று ஜனவரி 25. வரவில்லை. ஐந்து மடங்கு பாயின்ட்டாக 3,170 சேர வேண்டிய இடத்தில் 516 மட்டும் சேர்ந்திருக்கிறது. இது வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை. உடனடியாக இரண்டையும் வரவு வையுங்கள்."

கடையின் பதில் நான்கே வரி. ஆர்டரில் பொருள் திருப்பி அனுப்பப்பட்டிருப்பதால் கேஷ்பேக்குக்குத் தகுதி இல்லை. கேஷ்பேக்கை வரவு வைப்பது வங்கியின் பொறுப்பு. பாயின்ட் ஆஃபரை ஆர்டருக்கு முன்பு ஆக்டிவேட் செய்யவில்லை. ஆஃபர் தொடர்பாக நிறுவனத்தின் முடிவே இறுதியானது.

இந்த நான்கையும் வரிசையாகப் பார்க்கலாம்.

திருப்பி அனுப்பிய ஸ்டாண்ட்

கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி கடையின் பதிலில் இருக்கிறது. வந்த ஸ்டாண்டின் ஒரு கால் வளைந்திருந்ததால் ஆசிரியை அதை மட்டும் மறுநாளே திருப்பி அனுப்பியிருக்கிறார். அக்டோபர் 24 அன்று ரீஃபண்ட் வந்துவிட்டது. கடை சுட்டிக்காட்டுவது நிபந்தனை 6-ஐ: ரத்தான, திருப்பி அனுப்பப்பட்ட ஆர்டர்களுக்குக் கேஷ்பேக் கிடையாது.

இந்த நிபந்தனையை அநியாயம் என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சத் தொகையைத் தொடுவதற்காக வேண்டாத பொருள்களையும் கூடையில் போட்டு, கேஷ்பேக்குக்குத் தகுதி பெற்றதும் அவற்றைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அதைத் தடுக்கக் கடைக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமை எதுவரை போகும் என்பதை அடுத்த வரியிலேயே கடை எழுதி வைத்திருக்கிறது. நிபந்தனை 7 சொல்வது: ஆர்டரின் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தால், மீதமுள்ள தொகை குறைந்தபட்சத்துக்குக் குறையாமல் இருக்கும்பட்சத்தில், அந்த மீதத் தொகைக்குக் கேஷ்பேக் கணக்கிடப்படும்.

ஆகவே கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: மீதம் எவ்வளவு? ஸ்டாண்டின் விலை ரூ.1,290. கணக்கில் திரும்பி வந்ததோ ரூ.1,251. இந்த 39 ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம் கூப்பன். ஆயிரம் ரூபாய்க் கூப்பனைக் கடையின் கணினி இரண்டு பொருள்களுக்கும் அவற்றின் விலை விகிதத்தில் பிரித்திருக்கிறது. ஸ்டாண்டின் பங்குக்கு வந்தது 39 ரூபாய். கட்டிய ரூ.31,780-இல் ரூ.1,251 போக மீதம் ரூ.30,529. முப்பதாயிரத்துக்கு மேல்தான் இருக்கிறது. பத்து சதவீதம் என்றால் ரூ.3,052. உச்சவரம்பு ரூ.2,500. ஸ்டாண்ட் போனதால் அவருக்குச் சேர வேண்டிய கேஷ்பேக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அப்படியிருக்கக் கடை ஏன் மறுத்தது? இங்கே வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய ஆஃபர்களில் பொதுவாக, காலம் முடிந்த பிறகு தகுதியான பரிவர்த்தனைகளின் பட்டியல் ஒன்று கடைக்கும் வங்கிக்கும் இடையே போகும். வங்கிக்குத் தெரிவது கார்டு எண், தொகை, தேதி, ரீஃபண்ட் ஆகியவை மட்டும். கூடைக்குள் என்ன பொருள் இருந்தது, எது திரும்பி வந்தது என்பது கடைக்குத்தான் தெரியும். பட்டியல் தயாரிக்கும்போது ஆர்டரைப் பொருள் பொருளாகப் பார்க்காமல், 'ரிட்டர்ன் உண்டா, இல்லையா' என்று ஆர்டர் அளவில் மட்டும் வடிகட்டினால் இந்த ஆசிரியையைப் போன்றவர்கள் மொத்தமாகக் கீழே விழுந்துவிடுவார்கள். புகாருக்குப் பதில் எழுதுகிற ஊழியரின் திரையிலும் அதே 'ரிட்டர்ன்' குறிதான் தெரியும். அவர் அதைப் பார்த்து நிபந்தனை 6-ஐ எழுதி அனுப்பிவிடுவார். தீய எண்ணம் எதுவும் இல்லாமலேயே இது நடக்கக்கூடும். நடந்தது பிழை என்பதில் மட்டும் சந்தேகமில்லை. முதல் காரணம் நிற்காது.

கடையா, வங்கியா

கேஷ்பேக் புகார்களில் மிக அதிகமாகக் கேட்கும் பதில் இது. கடையைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்பார்கள். வங்கியைக் கேட்டால் கடை பட்டியலில் அனுப்பவில்லை என்பார்கள்.

கேஷ்பேக்கில் கடையின் பங்கு எத்தனை, வங்கியின் பங்கு எத்தனை, பொருள் தயாரித்தவரின் பங்கு எத்தனை என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம். வாங்குகிறவர் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவரிடம் வாக்குக் கொடுத்தது யார் என்பதே கேள்வி. இந்த ஆஃபர் கடையின் ஆப்பில், வாஷிங் மெஷினின் விலைக்குக் கீழேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் அந்தக் கடையில் வாங்கினார். கடைக்கு விற்பனை நடந்ததும் அந்த வாக்கின் பலத்தில்தான். அந்த நிலையில் நின்று 'அது வங்கியின் வேலை' என்று ஒதுங்க முடியாது.

இந்தக் கேள்விக்குப் பழைய வழக்கு ஒன்று துணை நிற்கிறது. இங்கிலாந்தில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற மருந்துக் கருவியை விற்ற நிறுவனம், சொன்ன முறையில் பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. தன் நேர்மையைக் காட்ட வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாகவும் அச்சிட்டது. கார்லில் என்ற பெண்மணி வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. விளம்பரம் ஒப்பந்தமாகாது என்று நிறுவனம் வாதாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிபந்தனையை நிறைவேற்றுவதே சம்மதம் என்றது. 1893-இல் பதிவான இந்தத் தீர்ப்பு இன்றும் இந்தியச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பாடங்களில் ஒன்று. அதே கொள்கையை 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 8-ஆம் பிரிவில் அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தது. ஆசிரியை குறித்த காலத்தில், குறித்த கார்டில், குறித்த தொகைக்கு வாங்கிய நொடியில் கடையின் வாக்கு ஒப்பந்தமாகிவிட்டது.

இரண்டாவது காரணமும் நிற்காது. ஆனால் நடைமுறையில் வங்கிக்கும் ஒரு கடிதம் போட வேண்டியிருக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாயின்ட் கணக்கு

கேஷ்பேக்கில் ஆசிரியை பக்கம் முழு நியாயம் இருந்தது. பாயின்ட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

அவர் போட்ட கணக்கு எளிது. நூறு ரூபாய்க்கு 2 பாயின்ட், ஐந்து மடங்கு என்றால் 10. கட்டிய ரூ.31,780-இல் 317 நூறுகள். ஆக 3,170. ஆனால் நிபந்தனை 9 வேறு அடிப்படையைச் சொல்கிறது: வரி, டெலிவரி, இன்ஸ்டலேஷன் நீங்கலாக நிகரத் தொகைக்கு மட்டும் பாயின்ட். வாஷிங் மெஷினுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கையில் மீதமிருந்த பொருளுக்குக் கட்டிய ரூ.30,529-க்குள் அந்த வரி அடங்கியிருக்கிறது. 1.18-ஆல் வகுத்தால் வரியில்லாத தொகை ரூ.25,872. அதில் 258 நூறுகள். ஐந்து மடங்கில் 2,580 பாயின்ட்.

கடை வரவு வைத்த 516 எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே தெளிவாகிவிடுகிறது. 258-ஐ இரண்டால் பெருக்கினால் 516. அதாவது எல்லாருக்கும் கிடைக்கும் ஒரு மடங்கை மட்டும் கடை சரியாகக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டது. பண்டிகைக்கான நான்கு மடங்கைக் கொடுக்கவில்லை. விட்டுப்போனது 2,064 பாயின்ட். ஒரு பாயின்ட்டுக்கு 20 பைசா என்பதால் ரூ.412.80. ஆசிரியை கேட்டது 2,654 பாயின்ட். 590 பாயின்ட் அதிகம்.

கூடவே கவனிக்க வேண்டியது: 516 என்ற எண்ணைக் கடை போட்டபோது ஸ்டாண்டைக் கழித்து, மீதப் பொருளுக்குத்தான் கணக்கிட்டிருக்கிறது. திரும்பியது ஒரு பகுதி மட்டுமே என்பது கடையின் பாயின்ட் கணக்குக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஆர்டரை முழு ரிட்டர்ன் என்று கேஷ்பேக் பட்டியல் நினைத்துக்கொண்டிருக்கிறது. முதல் காரணத்தைப் பொய்யாக்கும் சான்று கடையின் சொந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இனி ஆக்டிவேட் செய்தது பற்றி. ஆர்டர் போட்டது இரவு 9.12. ஆப்பில் 'ஐந்து மடங்கு பாயின்ட்டை ஆக்டிவேட் செய்யுங்கள்' என்ற பொத்தானை அழுத்தியது 9.40. உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி அவரிடம் இருக்கிறது. ஆர்டருக்கு முன்பே அழுத்தியிருக்க வேண்டும் என்கிறது கடை. நிபந்தனையில் இருப்பதோ 'ஆஃபர் காலத்தில் ஆக்டிவேட் செய்த வாடிக்கையாளர்களுக்கு' என்பது மட்டும். முன்பு என்ற பேச்சே இல்லை.

கடையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வாங்கத் தூண்டுவதற்குத்தான் ஆஃபர்; வாங்கி முடித்த பிறகு பொத்தானை அழுத்தியவரை ஆஃபர் தூண்டியது என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஐந்து மடங்கு என்ற பட்டை பொருளின் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் வாங்கியிருக்கிறார். பொத்தான் மட்டும் வேறொரு பக்கத்தில் இருந்தது. மேலும், ஒரு நிபந்தனையை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் அதை எழுதியவருக்கு எதிராகத்தான் படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தில் நெடுநாளாக இருக்கும் விதி. எழுதும் பேனா கடையின் கையில் இருந்தது. 'ஆர்டருக்கு முன்பு' என்ற இரண்டு வார்த்தையைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. ஆகவே இந்த வாதம் ஆசிரியை பக்கம்தான் சாய்கிறது. கேஷ்பேக் அளவுக்கு உறுதியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நுகர்வோர் ஆணையம் இதை வேறு விதமாகப் பார்க்க வாய்ப்பு உண்டு.

'நிறுவனத்தின் முடிவே இறுதியானது'

எல்லா ஆஃபரின் கடைசியிலும் இந்த வரி இருக்கும். இதைப் படித்ததும் பாதிப்பேர் புகாரைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த வரி எதற்குச் செல்லும் என்று யோசிக்க வேண்டும். ஆஃபரை நாளை நிறுத்தலாமா, அடுத்த மாதம் வேறு கார்டுக்கு மாற்றலாமா போன்றவற்றில் நிறுவனத்தின் முடிவு இறுதிதான். ஒருவர் நிபந்தனையை நிறைவேற்றி முடித்த பிறகு, நிறைவேற்றினாரா இல்லையா என்பது உண்மை சார்ந்த கேள்வி. ரசீதும் ஸ்டேட்மென்ட்டும் அதற்குப் பதில் சொல்லும். கொடுக்க வேண்டியவரே கொடுக்க வேண்டுமா என்று தீர்ப்பும் சொல்லிக்கொள்வதை அந்த ஒரு வரி அனுமதிக்காது.

இந்த வரிக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது: கேஷ்பேக்கும் பாயின்ட்டும் கடை விரும்பிக் கொடுக்கும் அன்பளிப்பு என்பது. நிறுவனங்களின் கணக்குப் புத்தகமே இதை மறுக்கிறது. 2018 ஏப்ரல் முதல் இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் தரம் 115-இன்படி, விற்பனையோடு சேர்த்து வாடிக்கையாளருக்குக் குறிப்பிடத்தக்க பாயின்ட் கொடுத்தால், வாங்கிய பணம் முழுவதையும் அன்றே வருமானமாகக் காட்டக் கூடாது. ஒரு பங்கைப் பாயின்ட்டுக்கென்று பிரித்து, அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பாக வைக்க வேண்டும். வாடிக்கையாளர் பாயின்ட்டைச் செலவழிக்கும்போதோ அது காலாவதியாகும்போதோதான் அது வருமானமாகும். அதாவது பாயின்ட்டுக்கான விலையை நாம் வாங்கும்போதே கட்டிவிட்டோம் என்பதுதான் கணக்கியல் சொல்வது. கேஷ்பேக்கும் பொதுவாக விற்பனை விலையில் குறைப்பாகவே பதிவாகும். தணிக்கையாளரிடம் கடன் என்று காட்டுவதை வாடிக்கையாளரிடம் கருணை என்று காட்டுவது பொருந்தாது.

ஏமாற்றா?

ஆசிரியை தன் கடிதத்தில் ஏமாற்று வேலை என்று எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. சொல் சரியானதா?

2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பரிசோ பிற பொருளோ தருவதாகச் சொல்லித் தராமல் விடும் எண்ணத்துடன் ஆஃபர் போடுவதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 'எண்ணத்துடன்' என்பது முக்கியம். தவறான வடிகட்டலால் ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போனதை வைத்து அந்த எண்ணத்தை நிரூபிக்க முடியாது. அதனால் சட்டப்படி இந்த வழக்குக்கு வலுவான பெயர் சேவைக் குறைபாடு. ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் விட்டாலே அது குறைபாடு. எண்ணத்தைக் காட்ட வேண்டியதில்லை. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற பிரிவையும் சிலர் புகாரில் சேர்ப்பார்கள். அதைச் சேர்த்தால் வழக்கு மாவட்ட ஆணையத்தை விட்டு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூவாயிரம் ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

ஆனால் இந்த ஆஃபரில் எண்ணத்தைப் பற்றிச் சந்தேகப்பட வைக்கும் இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. ஒன்று, 90 நாள் காத்திருப்பு. பொருளைத் திருப்பி அனுப்ப இந்தக் கடை கொடுத்த அவகாசம் 7 நாள். ரீஃபண்ட் அக்டோபர் 24-இல் முடிந்துவிட்டது. அதன் பிறகு இந்த ஆர்டரில் மாறுவதற்கு எதுவுமில்லை. கடைக்கும் வங்கிக்கும் கணக்கைச் சரிபார்க்கச் சில வாரங்கள் தேவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே கடையில், அதே கார்டுக்கு, பணம் கட்டும்போதே கழிக்கப்படும் உடனடித் தள்ளுபடியும் உண்டு. கார்டின் முதல் சில இலக்கங்களை வைத்துத் தகுதியை நொடியில் கண்டுபிடிக்கிறார்கள். தள்ளுபடிக்கு நொடி போதும் என்றால் கேஷ்பேக்குக்கு மூன்று மாதம் ஏன்? மூன்று மாதத்தில் பலர் மறந்துவிடுவார்கள். ஆஃபர் பக்கமும் அதற்குள் மறைந்துவிடும். நிபந்தனையைப் படம்பிடித்து வைக்காதவர் எதைக் காட்டிக் கேட்பார்? மறதியின் லாபம் முழுவதும் ஒரே பக்கம் போகிறது.

இரண்டு, மொழி. விளம்பரம் தமிழில் இருந்தது. பெரிய எழுத்தில் '10% கேஷ்பேக், 5 மடங்கு பாயின்ட்' என்று தமிழில் போட்டிருந்தார்கள். நிபந்தனைகள் பன்னிரண்டும் ஆங்கிலத்தில், வேறொரு பக்கத்தில். மேலே நான் கொடுத்தவை என் தமிழாக்கம். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், விளம்பரத்தின் வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் பொறுப்புத்துறப்பும் இருக்க வேண்டும், கண்ணில் படும் இடத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன. வரி நீங்கலாகத்தான் பாயின்ட் என்பது தமிழில், அதே பக்கத்தில் இருந்திருந்தால் ஆசிரியை 3,170 என்று தப்புக் கணக்குப் போட்டிருக்க மாட்டார். வாக்கை வாங்குகிறவரின் மொழியிலும் தடையை வேறு மொழியிலும் எழுதுவது அந்த விதிக்கு எதிரானது. இந்தக் குற்றச்சாட்டை எண்ணத்தை நிரூபிக்காமலேயே வைக்கலாம். ஒரு படம் போதும்.

கடிதத்தின் தரம்

இந்தக் கடிதத்தின் பலம் அதன் நடுப்பகுதி. தேதி, நேரம், பொருள், தொகை, கார்டு, நிபந்தனை எண், கெடு முடிந்த நாள் எல்லாம் இருக்கின்றன. 'கேஷ்பேக் வரவில்லை, பாருங்கள்' என்று எழுதுகிற பெரும்பாலான புகார்களை விட இது வெகு மேல். நிபந்தனை எண்ணைச் சொல்லிக் கேட்டதும் அது கோரிக்கை என்ற நிலையிலிருந்து உரிமைக்கு வந்துவிடுகிறது.

பலவீனம் அது சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. ரிட்டர்னைச் சொல்லவில்லை. அதனால் மறுப்பதற்கான காரணத்தைக் கடையே கண்டெடுத்து, முதல் வாக்கியமாக வைத்துக்கொண்டது. தனக்குச் சாதகமான 1, 4 இரண்டையும் எடுத்துக்காட்டியவர், தனக்கு எதிராகத் தெரியும் 6-ஐயும் அதற்குப் பதிலான 7-ஐயும் தானே எழுதியிருந்தால் கடைக்கு அந்த வாய்ப்பே இருந்திருக்காது. பாயின்ட் கணக்கு தவறியதும் கேஷ்பேக்கின் நம்பகத்தைச் சேர்த்துக் குறைத்தது. 'உடனடியாக' என்பது கெடு ஆகாது. ஏமாற்று என்ற சொல்லால் எதுவும் கூடவில்லை.

நான் எழுதியிருந்தால் கேஷ்பேக் பகுதி இப்படி இருக்கும்:

"இந்த ஆர்டரில் ஸ்டாண்டை மட்டும் சேதம் காரணமாக அக்டோபர் 19 அன்று திருப்பி அனுப்பினேன். ரீஃபண்ட் ரூ.1,251. மீதத் தொகை ரூ.30,529. நிபந்தனை 7-இன்படி இது குறைந்தபட்சத்துக்கு மேல் உள்ளது; எனவே நிபந்தனை 6 பொருந்தாது. சேர வேண்டியது ரூ.2,500. நீங்கள் பாயின்ட்டையும் இதே மீதத் தொகைக்குத்தான் கணக்கிட்டிருக்கிறீர்கள். ரசீது, ரீஃபண்ட் குறுஞ்செய்தி, கார்டு ஸ்டேட்மென்ட், அக்டோபர் 14 அன்று எடுத்த நிபந்தனைகளின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பட்டியலில் என் பரிவர்த்தனையை வங்கிக்கு அனுப்பினீர்களா, எந்தத் தேதியில் என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

கடைசி வாக்கியம்தான் கடைக்கும் வங்கிக்கும் இடையிலான பந்தாட்டத்தை நிறுத்தும். அனுப்பினோம் என்றால் வங்கி பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் கடை சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதம் போக வேண்டிய இடம் வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டி அல்ல, குறைதீர் அலுவலர். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் கடையின் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே நாளில் வங்கிக்கும் ஒரு பிரதி போக வேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்த 30 நாள் வங்கிக்கு எழுதிய நாளிலிருந்துதான் தொடங்கும். அதனால்தான் கடையே பொறுப்பு என்று தீர்மானித்த பிறகும் வங்கிக்கு எழுதச் சொல்கிறேன்.

இதற்குப் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே சமரசம் செய்து வைப்பார்கள். உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. கடையின் தலைமையகம் எங்கே இருந்தாலும் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு.

தீர்ப்பு

கேஷ்பேக் ரூ.2,500 முழுவதும் ஆசிரியைக்குச் சேர வேண்டியது. கடை சொன்ன எந்தக் காரணமும் அதன் சொந்த நிபந்தனையைத் தாண்டி நிற்கவில்லை. பாயின்ட்டில் அவர் கேட்ட 2,654 கிடைக்காது. 2,064 கேட்க அவருக்கு நியாயம் உண்டு, ஆனால் அதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. கடிதம் பாதி நல்ல கடிதம்: ஆர்டர் விவரத்தில் துல்லியம், நிபந்தனைகளில் அரைகுறை. தனக்கு எதிரான நிபந்தனையை எடுத்துக்காட்டாத புகார், அதை எடுத்துக்காட்டும் வேலையை எதிராளிக்கு விட்டுவிடுகிறது.

கடையைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஒரு ஊழியரின் கவனக்குறைவாக மட்டும் நான் பார்க்கவில்லை. தகுதி உண்டா என்பதைப் பணம் கட்டும் நேரத்திலேயே சொல்ல முடிந்தும் சொல்லாமல், மூன்று மாதம் கழித்து வாங்கியவரே நினைவு வைத்துக் கேட்க வேண்டும் என்று அமைத்திருப்பது திட்டமிட்ட ஏற்பாடு. அதற்கு எளிய மாற்று உண்டு. ரசீதிலேயே 'கேஷ்பேக் ரூ.2,500, வரவாகும் நாள் இது' என்று அச்சிட வேண்டும். பொருள் திரும்பி வந்தால் திருத்திய தொகையைக் குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும். மறுத்தால் எந்த நிபந்தனையின் கீழ், என்ன கணக்கில் என்று எழுத வேண்டும். இதைச் செய்யாத கடை கேஷ்பேக் என்று விளம்பரம் செய்யும்போது, வாங்குகிறவர் அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பார்க்கவே கூடாது. முழு விலைக்கு அந்தப் பொருள் தகுமா என்று பார்த்து, தகும் என்றால் மட்டும் வாங்க வேண்டும்.